குட்வில், பிராண்டு, ஆராய்ச்சி: சொந்தமா வளர்த்ததுக்கும் காசு குடுத்து வாங்குனதுக்கும் கணக்கு போடுற முழு வழிகாட்டி

இந்த வேலைக்கு புதுசா வர்றவங்க பெரும்பாலும் முதல்ல கேக்குறது "இந்த பிராண்டுக்கு என்ன வேல்யூ போடலாம்"னு தான். அது கடைசியா வர வேண்டிய கேள்வி. இது எப்படி நம்ம கைக்கு வந்துச்சுங்கறதுதான் முதல் கேள்வி, அதுக்கு பதில் கிடைச்சுட்டா பாதி கணக்கு தானா முடிஞ்சுரும், கிடைக்காம வேல்யூல இறங்குனா எவ்ளோ நல்லா வேல்யூ போட்டாலும் வேஸ்ட்.

கீழ சொல்றதெல்லாம் ஐஎஃப்ஆர்எஸ்ங்கற சர்வதேச கணக்கு விதிகள் படி. முக்கியமா ஐஏஎஸ் 38 (இன்டாஞ்சிபிள்), ஐஎஃப்ஆர்எஸ் 3 (பிசினஸ் வாங்குறது), ஐஏஎஸ் 36 (இம்பேர்மென்ட், அதாவது சொத்தோட மதிப்பு விழுந்தா குறைச்சு எழுதுறது) இந்த மூணு. மொத்தத்தையும் ஒரே உதாரணத்த வச்சு பாத்துரலாம்: தண்ணி ஃபில்டர் செய்யுற ஒரு சின்ன கம்பெனி, அதை முழுசா வாங்குற ஒரு பெரிய கம்பெனி. எண்ணெல்லாம் சும்மா எண்ணு, எந்த கரன்சியா வேணா வச்சுக்கோங்க.

1. உக்கார்றதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

வாங்குன ஒப்பந்தம் முழுசா வேணும், விலை இருக்குற பக்கம் மட்டும் போதாது. அந்த விலைக்கு என்னென்ன கை மாறுது, எந்த தேதியில கன்ட்ரோல் வருது, பின்னாடி குடுக்க வேண்டிய பாக்கி ஏதாவது இருக்கான்னு அதுலதான் இருக்கும்.

அப்புறம் விக்குற கம்பெனியோட அந்த தேதி பேலன்ஸ் ஷீட், அதோட ட்ரேட்மார்க், பேட்டன்ட், டீலர் ஒப்பந்தங்களோட லிஸ்ட், டேக்ஸ் ரேட். சொந்தமா ஏதாவது டெவலப் பண்ணிருந்தா அந்த ப்ராஜெக்ட்டோட மாச வாரியான செலவு விவரம். இந்த கடைசி ஐட்டம்தான் பல இடத்துல இருக்கவே இருக்காது, வருஷ மொத்தம் ஒரு லெட்ஜர்ல கிடக்கும், அது ஏன் பத்தாதுன்னு நாலாவது பகுதியில வரும்.

2. எப்படி வந்துச்சுன்னு முதல்ல பிரிங்க

மூணு வழிதான். ஒன்னு, தனியா வாங்குனது, அதாவது ஒரு பேட்டன்ட்டயோ கஸ்டமர் லிஸ்ட்டயோ மட்டும் காசு குடுத்து வாங்குறது. ரெண்டு, ஒரு பிசினஸையே வாங்கும்போது அதோட சேந்து வந்தது. மூணு, நம்மளே உருவாக்குனது.

தனியா வாங்குனதுல பெருசா சிக்கல் இல்ல, குடுத்த விலையில ஏத்திரலாம். "இதால பலன் வருமா"ன்னு தனியா நிரூபிக்க சொல்லி ஸ்டாண்டர்டு கேக்காது, ஏன்னா வரும் வராதுங்கற கணிப்பு பேரம் பேசுன விலைக்குள்ளயே இருக்கு.

ரெண்டாவதுல ஒரு பொறி இருக்கு. வாங்குனது நெஜமாவே பிசினஸா, இல்ல சொத்துங்களோட மூட்டையான்னு பாக்கணும். வேலைய நடத்துற ஆட்களோ முறைகளோ எதுவும் வராம வெறும் ரெண்டு பேட்டன்ட்டும் ஒரு மெஷினும் வந்தா அது பிசினஸ் இல்ல. அப்போ குடுத்த மொத்த விலைய அந்த சொத்துங்களுக்குள்ளயே அததோட ஃபேர் வேல்யூ, அதாவது அன்னைக்கு சந்தையில கிடைக்குற விலை, அந்த விகிதத்துல பிரிச்சுரணும், குட்வில்னு ஒன்னு, அதாவது சொத்து மதிப்புக்கு மேல குடுத்த மிச்ச விலை, அங்க வரவே வராது. இதை பாக்காம மீதிய குட்வில்ல போட்டு வச்சா வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா செலவா எழுதி அமார்டைஸ் ஆக வேண்டிய காசு வருஷக்கணக்கா அசையாம உக்காந்திருக்கும்.

3. ஏன் ரெண்டுக்கும் வேற வேற விதி

இதை இங்கயே புரிஞ்சுகிட்டா மத்த விதிய மனப்பாடம் பண்ண வேண்டாம்.

பேலன்ஸ் ஷீட்ல ஒன்னு ஏறணும்னா அது தனியா அடையாளம் காட்டக்கூடியதா இருக்கணும், நம்ம கன்ட்ரோல்ல இருக்கணும், அதோட காஸ்ட்ட நம்பகமா அளக்க முடியணும். நம்மளே வளர்த்த குட்வில்லு இந்த மூணுலயும் விழுந்துரும். நல்ல சர்வீஸ் குடுத்தோம், நல்ல ஆள வச்சோம், விளம்பரம் பண்ணோம், இதுல எந்த காசு இன்னைக்கு வியாபாரத்த ஓட்டுச்சு எந்த காசு பேரை வளர்த்துச்சுன்னு யாராலயும் பிரிக்க முடியாது. அதனால ஐஏஎஸ் 38 சொந்த குட்வில்ல ஏத்தவே கூடாதுன்னு நேரா சொல்லிருச்சு. சொந்தமா வளர்த்த பிராண்டு, பத்திரிகை பேரு, கஸ்டமர் லிஸ்ட் இதுக்கும் அதே தடைதான்.

வாங்கும்போது மாறுறது அந்த பொருளோட தரம் இல்லங்க. வெளியில இருந்து ஒருத்தர் பேரம் பேசி ஒரு தேதியில ஒரு விலைய குடுத்துட்டாரு, அளக்குறதுக்கு ஒரு பிடி கிடைச்சுருச்சு, அவ்ளோதான். "நம்ம பிராண்டு அவங்கள விட பெருசு, அது ஏன் ஜீரோல இருக்கு"ன்னு மேனேஜ்மென்ட்ல கேப்பாங்க, நியாயமான எரிச்சல்தான், ஆனா பேலன்ஸ் ஷீட் கம்பெனியோட மதிப்ப காட்டுற இடம் இல்ல.

4. சொந்தமா உருவாக்குனது: தேதி பிடிக்கிறதுதான் வேலை

சொந்த வேலையில உள்ள ஏறக்கூடியது டெவலப்மென்ட் செலவு ஒன்னுதான். ஆராய்ச்சி கட்டத்துல போனது எல்லாமே செலவு. டெவலப்மென்ட் கட்டத்துலயும் ஆறு நிபந்தனை ஒன்னா நிறைவேறுன நாள்ல இருந்துதான் ஏத்தணும்: டெக்னிக்கலா முடிக்க முடியும், முடிக்கிற எண்ணம் இருக்கு, முடிச்சா பயன்படுத்தவோ விக்கவோ முடியும், அதுல இருந்து காசு எப்படி வரும்னு காட்ட முடியும், முடிக்கிற அளவுக்கு பணமும் ஆளும் இருக்கு, செலவ நம்பகமா அளக்க முடியும். அஞ்சு நிறைவேறி ஒன்னு பாக்கின்னா இன்னும் செலவுதான்.

நம்ம பெரிய கம்பெனி சொந்தமா ஒரு புது ஃபில்டர் பண்ணுதுன்னு வைங்க. ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் எந்த பொருள் வடிகட்டும்னு தேடுறாங்க, 40 செலவு. மே டு ஆகஸ்ட்ல ஒரு மாதிரி ஃபில்டர் செஞ்சு பாக்குறாங்க, 30. ஆகஸ்ட் கடைசியில அந்த ஃபில்டர் டெஸ்ட் பாஸ் ஆகுது, போர்டும் முழு பட்ஜெட்டுக்கு ஓகே சொல்லுது. செப்டம்பர் டு டிசம்பர் 50. ஏறுறது அந்த 50 மட்டும்தான். முன்னாடி போன 70, ப்ராஜெக்ட் பின்னாடி எவ்ளோ நல்லா வந்தாலும் திரும்பி வராது, ஒருதடவ செலவா போனத அப்புறம் சொத்தா மாத்தக்கூடாதுன்னு விதி. மாச வாரி விவரம் வேணும்னு சொன்னது இதுக்குத்தான், 120னு ஒரே எண்ணு இருந்தா செப்டம்பர்ல கோடு போட முடியாது.

அந்த 50க்குள்ளயும் எல்லாம் போகாது. இன்ஜினியர் சம்பளம், மூலப்பொருள், பேட்டன்ட் பதிவு கட்டணம் உள்ள வரும். புது மெஷின ஓட்ட ஆளுக்கு குடுத்த ட்ரெய்னிங், விளம்பரம், பொதுவான ஆபீஸ் செலவு வராது. 50ல 5 ட்ரெய்னிங்னா 45 தான் சொத்து. அந்த கோடு போட்ட தேதிக்கு ஒரு பேப்பர் ஆதாரம் (டெஸ்ட் ரிப்போர்ட், போர்டு தீர்மானம்) ஃபைல்ல இல்லன்னா ஆடிட்டர் முதல் கேள்வியே அதுதான்.

5. வாங்குன கம்பெனியோட பேலன்ஸ் ஷீட்ட அப்படியே எடுக்காதீங்க

இப்போ முக்கியமான கேஸ். பெரிய கம்பெனி சின்ன கம்பெனிய முழுசா 1000 குடுத்து வாங்குது. சின்ன கம்பெனி புக்ஸ்ல நிகர சொத்து 330. புதுசா வர்றவங்க உடனே 1000ல 330 கழிச்சு குட்வில் 670னு எழுதிருவாங்க.

முதல் திருத்தம். அந்த 330க்குள்ள 30 பழைய குட்வில், சின்ன கம்பெனி முன்னாடி வேற யாரையோ வாங்குனப்ப வந்தது. அதை தூக்கிரணும், ஏன்னா அது தனியா அடையாளம் காட்டக்கூடிய சொத்து இல்ல, இப்போ நம்ம கணக்கு போடுற புது குட்வில்லுக்குள்ள அது கரைஞ்சுரும். மிச்சம் 300.

இதை விட்டுட்டாலும் 100 சதவீதம் வாங்குன கேஸ்ல மொத்த குட்வில் ஒன்னாவே டேலி ஆகும், அதனால கண்ணுல படாது. 80 சதவீதம் மட்டும் வாங்கி, மீதி 20 சதவீதக்காரங்க பங்க நிகர சொத்து விகிதத்துல அளக்குற முறைய எடுத்தீங்கன்னா அப்போ வெளிய வரும். அவங்க பங்கு 6 அதிகமாகும், கூடவே குட்வில்லும் 6 ஊதிரும்.

ரெண்டாவது திருத்தம், இருக்குற சொத்த அந்த தேதி ஃபேர் வேல்யூவுக்கு கொண்டு வர்றது. இங்க கட்டடம் மட்டும் 40 கூடுது.

6. அவங்க புக்ஸ்ல இல்லாதத தேடுங்க

நேரம் எடுக்குற கட்டம் இதுதான். சின்ன கம்பெனி சொந்தமா வளர்த்ததால அவங்க புக்ஸ்ல ஏத்த முடியாம இருந்ததெல்லாம் இப்போ நமக்கு "வாங்குனது" ஆயிருச்சு. ஒவ்வொன்னுக்கும் ரெண்டு கேள்வி கேளுங்க: இதை கம்பெனியில இருந்து பிரிச்சு விக்கவோ லைசென்ஸ் குடுக்கவோ முடியுமா? இல்லன்னா ஒப்பந்தம், சட்ட உரிமைன்னு ஏதாவது பிடிமானம் இருக்கா? ரெண்டுல ஒன்னுக்கு ஆமான்னா தனியா ஏறும்.

பிராண்டு: ட்ரேட்மார்க் பதிவு இருக்கு, ஏறும், வேல்யூவர் சொன்னது 200. டீலர் ஒப்பந்தங்கள்: எழுத்துல இருக்கு, ஏறும், 120. பாதியில நிக்குற ஒரு ஆராய்ச்சி: சின்ன கம்பெனி அதுக்கு 45 செலவு பண்ணி மொத்தத்தையும் செலவுல எழுதிருச்சு, அவங்க புக்ஸ்ல ஜீரோ, நமக்கு ஃபேர் வேல்யூ 60, ஏறும். இங்கதான் நிறைய பேர் தயங்குவாங்க, "ஆராய்ச்சிய ஏத்தக்கூடாதுன்னு இப்பதான படிச்சோம்"னு. அந்த தடை நம்ம பண்ற ஆராய்ச்சி செலவுக்கு. அடுத்தவங்க கிட்ட இருந்து பிசினஸோட சேத்து வாங்குனதுக்கு இல்ல. ஜெயிக்குமாங்கற சந்தேகம் ஏத்தலாமாங்கறத முடிவு பண்ணாது, அந்த 60ங்கற வேல்யூவுக்குள்ளதான் போகும்.

கடைசியா பழகுன தொழிலாளர்கள். வேல்யூவர் ரிப்போர்ட்ல 50னு ஒரு வரி இருக்கும், ஏன்னா மத்த சொத்த அளக்க அந்த எண்ணு அவருக்கு வேணும். அதை பாத்துட்டு தனி சொத்தா ஏத்திராதீங்க. தொழிலாளர் குழுவ குட்வில்லுல இருந்து தனியா ஏத்தக்கூடாதுன்னு ஐஎஃப்ஆர்எஸ் 3 வெளிப்படையாவே சொல்லுது.

7. டேக்ஸ், அதுக்கப்புறம்தான் குட்வில்

வரிசை மாறக்கூடாத இடம். குட்வில் ஒரு மிச்சம், எதுவும் மிச்சம் இல்லாம எண்ணி முடிச்ச பிறகுதான் அது தெரியும்.

புக்ஸ்ல சொத்து கூடுச்சு, ஆனா இந்த கேஸ்ல டேக்ஸ் ஆபீஸ் பாக்குற மதிப்பு பழையபடியே இருக்கு. அந்த வித்தியாசத்துக்கு டிஃபர்டு டேக்ஸ் கடன், அதாவது பின்னாடி கட்ட வேண்டி வர்ற டேக்ஸ், வரும். கூடுனது 40, 200, 120, 60, மொத்தம் 420. ரேட் 25 சதவீதம்னா 105.

```
புக்ஸ் நிகர சொத்து (பழைய குட்வில் போக)   300
ஃபேர் வேல்யூவால கூடுனது                   +420
டிஃபர்டு டேக்ஸ்                            -105
அடையாளம் காட்டக்கூடிய நிகர சொத்து          615
குடுத்த விலை                               1000
குட்வில்                                    385
```

டிஃபர்டு டேக்ஸ மறந்தா குட்வில் 280னு வரும், ஆரம்பிச்ச 670 எங்க இந்த 385 எங்கன்னு பாருங்க. குட்வில் முதல்முதலா ஏறும்போது அதுக்கு டிஃபர்டு டேக்ஸ் கடன் போடக்கூடாது, போட்டா குட்வில் கூடும், கூடுனா டேக்ஸ் கூடும், சுத்திகிட்டே இருக்கும்.

வக்கீலுக்கும் வேல்யூவருக்கும் குடுத்த 15 இந்த 1000ல சேராது, அந்த வருஷ செலவு. இதுவே பேட்டன்ட்ட மட்டும் தனியா வாங்கிருந்தா அதுக்கு நேரடியா ஆன வக்கீல் ஃபீஸ் சொத்தோட காஸ்ட்லயே சேந்துருக்கும். ரெண்டாவது பகுதியில பிரிச்சது இங்க மறுபடி வேலை செய்யுது.

ஒருவேளை மிச்சம் மைனஸ்ல வந்தா சந்தோஷப்படாதீங்க. ஒவ்வொரு அடையாளத்தையும் அளவையும் மறுபடி சரி பாக்கணும்னு ஸ்டாண்டர்டே சொல்லுது, பாத்த பிறகும் மைனஸ்னா மட்டும் அது அன்னைக்கு லாபம்.

8. எந்த புக்ல எழுதுறீங்கன்னு பாத்துக்கோங்க

மேல போட்டது எல்லாம் பெரிய கம்பெனியோட கன்சாலிடேட்டட் கணக்குல, அதாவது ரெண்டு கம்பெனியையும் ஒன்னா சேத்து போடுற கணக்குல மட்டும். பெரிய கம்பெனி தன்னோட தனி கணக்குல முதலீட காஸ்ட் முறையில வச்சிருந்தா அங்க "முதலீடு"ன்னு ஒரு வரிதான், பிராண்டும் குட்வில்லும் தனியா தெரியாது. சின்ன கம்பெனியோட சொந்த கணக்குல எதுவுமே மாறாது, அந்த பிராண்டு அங்க இன்னும் ஜீரோ தான், பழைய குட்வில் 30 அங்க அப்படியேதான் இருக்கும். சின்ன கம்பெனி அக்கவுன்டன்ட் டீல் முடிஞ்ச மாசம் "எங்க பிராண்ட 200க்கு ஏத்தலாமா"ன்னு கேக்குறது வழக்கம். அவங்களுக்கு அது இன்னும் சொந்தமா வளர்த்ததுதான், அவங்க யாருகிட்டயும் எதையும் வாங்கல, அவங்க ஷேர்தான் கை மாறிருக்கு.

9. வாங்குன மறுநாள்ல இருந்து

வாங்குன நாள்ல கோடு விழுந்துருச்சு, அதுக்கப்புறம் போடுற காசு மறுபடி "சொந்தம்". வாங்குன பிராண்டுக்கு அடுத்த வருஷம் 25க்கு விளம்பரம் பண்ணா அது முழுக்க செலவு, 200 வந்து 225 ஆகாது. அந்த ஆராய்ச்சியில மேல 18 போட்டா, அது இன்னும் ஆராய்ச்சியா இருந்தா செலவு, ஆறு நிபந்தனைய தாண்டிருந்தா மட்டும் 60ஓட சேரும்.

டீலர் ஒப்பந்தம் 8 வருஷம் ஓடும்னா வருஷம் 15 அமார்டைசேஷன், கூடவே அதுக்குண்டான டிஃபர்டு டேக்ஸ் 30லயும் வருஷம் 3.75 குறையும், இந்த ரெண்டாவது என்ட்ரிய மறந்துட்டு வருஷக் கடைசியில டேக்ஸ் டேலி ஆகலன்னு தேடுவாங்க. ஆராய்ச்சி இன்னும் பயன்பாட்டுக்கு வராததால அமார்டைசேஷன் இல்ல, வருஷா வருஷம் இம்பேர்மென்ட் டெஸ்ட். குட்வில்லுக்கும் அதே, ஆயுசுக்கு ஒரு முடிவு தெரியலன்னு ஆதாரத்தோட சொல்ற பிராண்டுக்கும் அதே.

குட்வில் டெஸ்ட்ல இந்த சொந்தம், வாங்குனது சண்டை கடைசி முறையா தலை தூக்கும். குட்வில் தனியா காசு சம்பாதிக்காது, அதனால பலன் அடையுற யூனிட்டோட சேத்துதான் டெஸ்ட் பண்ணுவோம். பெரிய கம்பெனிக்கு ஏற்கனவே ஒரு ஃபில்டர் டிவிஷன் இருக்கு, புக்ஸ்ல 400, நெஜத்துல திரும்ப கிடைக்கக்கூடியது 700. வாங்குன 1000ஐயும் அதையும் ஒரே யூனிட்டா பாக்குறாங்க, மொத்தம் 1400 (அமார்டைசேஷன விட்டுருவோம், கணக்கு எளிமையா இருக்கட்டும்). ரெண்டு வருஷத்துல வாங்குன பிசினஸ் மதிப்பு 800க்கு விழுந்துருச்சு. தனியா பாத்தா 200 நஷ்டம். சேத்து பாத்தா 700 கூட்டல் 800, 1500, புக்ஸ்ல 1400 தான், நஷ்டமே இல்ல. பழைய டிவிஷனோட ஏத்தாத சொந்த குட்வில்லு, வாங்குன குட்வில்ல மூடி காப்பாத்திருச்சு. இது திருட்டு இல்ல, விதிப்படியே நடக்குறது. ஆனா யூனிட்ட தேவைக்கு மேல பெருசா வரையுறது இதுக்காகத்தான்னு ஆடிட்டருக்கும் தெரியும். மேனேஜ்மென்ட் உள்ளுக்குள்ள குட்வில்ல எந்த மட்டத்துல கண்காணிக்குதோ அதுக்கு மேல போகக்கூடாது, ஆப்பரேட்டிங் செக்மென்ட்ட தாண்டவே கூடாது.

சரி, தனி யூனிட்டா வச்சு 200 எழுதிட்டீங்க, அது முதல்ல குட்வில்லுல கழியும், 385 வந்து 185 ஆகும். அடுத்த வருஷம் வியாபாரம் நிமிந்து 950 ஆனாலும் அந்த 200ல ஒன்னும் திரும்ப ஏறாது. மத்த சொத்துக்கு திருப்பலாம், குட்வில்லுக்கு கிடையாது, ஏன்னா நிமிந்தது பழைய குட்வில் திரும்பி வந்ததா இல்ல புதுசா நம்மளே வளர்த்ததான்னு பிரிக்க முடியாது, பெரும்பாலும் ரெண்டாவதுதான்னு ஐஏஎஸ் 36 எடுத்துக்குது. அரையாண்டு கணக்குல எழுதுனதுக்கும் இதேதான், வருஷக் கடைசியில நிலைமை மாறிருச்சுன்னு திருப்ப முடியாது.

வேற விதித் தொகுப்புல இருக்குறவங்க இந்த பகுதிய அப்படியே எடுக்காதீங்க. சின்ன நிறுவனங்களுக்கான ஐஎஃப்ஆர்எஸ்ல டெவலப்மென்ட் செலவையும் ஏத்தக்கூடாது, குட்வில்ல அமார்டைஸ் பண்ணணும். அமெரிக்க விதியில பிரைவேட் கம்பெனிங்க விரும்புனா 10 வருஷத்துக்குள்ள குட்வில்ல அமார்டைஸ் பண்ணலாம்.

10. பன்னிரண்டு மாசம் வரைக்கும் திறந்திருக்குற கதவு

வாங்குன நாள்ல வேல்யூ முடியலன்னா தற்காலிக எண்ணு போட்டு அப்படின்னு குறிப்புல சொல்லிரலாம், அதிகபட்சம் 12 மாசத்துக்குள்ள திருத்தலாம், வித்தியாசம் குட்வில்லுல போய் சேரும். ஆனா திருத்தம் எதனாலன்னு பாருங்க. வாங்குன நாளே ஒரு டீலர் ஒப்பந்தம் ரத்தாகிருந்தது, நமக்கு நாலு மாசம் கழிச்சு தெரிஞ்சுச்சுன்னா அது திருத்தம், 120 குறையும் குட்வில் கூடும். வாங்குனதுக்கு அப்புறம் நாலாவது மாசம் டீலர் கோவிச்சுகிட்டு போனார்னா அது நம்ம காலத்து நஷ்டம், லாப நட்டக் கணக்குக்குத்தான் போகணும். ரத்து கடிதத்துல இருக்குற தேதிய பாக்காம எழுதாதீங்க.